சிவப்புச் சட்டை மஞ்சளாக, கறுப்பு முடி செம்பாக: நிறம் மாற்ற எதை எடுப்பது?

சிவப்புச் சட்டை போட்ட ஒருவரின் படம் இருக்கிறது. சட்டையை மட்டும் மஞ்சளாக்க வேண்டும். சட்டையைச் செலக்ட் செய்து, மேலே புது லேயர் போட்டு, நல்ல பளிச்சென்ற மஞ்சளை ஊற்றி, பிளெண்ட் மோடை Color என்று மாற்றுகிறோம். மஞ்சள் வரவில்லை. பாசி படிந்த சுவர் மாதிரி ஒரு பழுப்புப் பச்சை வருகிறது. மஞ்சளை இன்னும் பளிச்சென்று எடுத்தாலும் அதேதான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இதே இடத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு விதமான மஞ்சளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தப்பு மஞ்சளில் இல்லை. எடுத்த கருவிதான் அந்த வேலைக்கு ஏற்றதல்ல. ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் நிறம் மாற்ற நான்கு வழிகள் எப்போதும் கையில் இருக்கும்: Color மோட், Hue/Saturation, Selective Color, Gradient Map. நான்கும் நிறத்தை மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிச்சத்தை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் எதை எப்போது எடுப்பது என்பது பிடிபடும்.

ஒரு புள்ளியின் வெளிச்சம் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பதை Color மோட் ஏறக்குறைய இப்படிக் கணக்கிடுகிறது:

```
வெளிச்சம் = 0.30 × R + 0.59 × G + 0.11 × B
```

நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மிகக் குறைவாக. அதனால்தான் பச்சைக்கு இவ்வளவு பங்கு. சட்டையின் நடுத்தரமான ஒரு இடத்தில் R 200, G 40, B 50 என்று இருந்தால் அதன் வெளிச்சம் சுமார் 89. நாம் ஊற்றிய மஞ்சள் 255, 220, 0. அதன் வெளிச்சம் சுமார் 206. Color மோட் என்ன செய்யும் என்றால், மேல் லேயரிலிருந்து எந்த நிறம், எவ்வளவு செறிவு என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கீழே இருக்கும் படத்திலிருந்து அப்படியே எடுக்கும். அதாவது 89 வெளிச்சத்தில் மஞ்சளைக் காட்டு என்று சொல்லிவிட்டோம். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் என்பது ஏறக்குறைய 110, 95, 0. அதுதான் அந்தப் பாசி நிறம். நிஜமான மஞ்சள் துணி அதே விளக்கின் கீழ் சிவப்புத் துணியைவிட எவ்வளவோ அதிக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்தக் கூடுதல் வெளிச்சம் Color மோடில் வர வழியே இல்லை.

இப்போது அதே சட்டைக்கு Hue/Saturation லேயர் போட்டு, Hue-வை +60 நகர்த்துங்கள். அதே புள்ளி சுமார் 200, 190, 40 ஆகும். வெளிச்சம் 177 பக்கம் ஏறிவிடும். சட்டை மஞ்சளாகவே தெரியும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. Hue/Saturation வெளிச்சத்தைக் காப்பாற்றும் முறை வேறு. மூன்று எண்களில் பெரியதும் சிறியதும் எவ்வளவோ அதை வைத்துக்கொண்டு, நிறச் சக்கரத்தில் சுற்றுகிறது. இங்கே 200-ம் 40-ம் மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அந்தந்த நிறத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும். அதே சட்டையை நீலத்துக்குச் சுற்றினால் 40, 40, 200 போல ஆகி, வெளிச்சம் 58-க்கு இறங்கும். அடர் நீலத் துணி நிஜத்திலும் கறுத்துத்தான் இருக்கும் என்பதால் பெரும்பாலும் இது சரியாகவே அமையும்.

அதனால் நல்ல நிறமுள்ள துணியை இன்னொரு நல்ல நிறத்துக்கு மாற்றுவதென்றால் என் கை முதலில் போவது Hue/Saturation பக்கம்தான். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டையில் வெள்ளை நூல் தையல் இருக்கிறது, வெள்ளைப் பட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் சுற்றுவதற்கு நிறமே இல்லை. ஆகவே தையல் வெள்ளையாகவே நிற்கும். Color மோடில் அந்தத் தையல் மேலும் லேசான சாயம் ஏறிவிடும். சட்டையைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி, நூல், பட்டன், சலவைச் சுருக்கத்தின் பளபளப்பு என எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். சிவப்பிலேயே ஆரஞ்சு பக்கம் சாய்ந்த இழை, ஊதா பக்கம் சாய்ந்த இழை என்று துணியில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடும் போய்விடும். சுற்றினாலோ அந்த வேறுபாடு அப்படியே கூட வரும்.

கூட வரக் கூடாததும் சில சமயம் கூட வரும். வெயிலில் எடுத்த படமென்றால் காலரின் வெள்ளை மடிப்பில், நிழல் விழுந்த இடத்தில், வானத்தின் நீலம் லேசாகக் கலந்திருக்கும். சட்டையைப் பச்சையாக்க +120 சுற்றினீர்களா, அந்த நீலமும் கூடவே சுற்றி, காலர் நிழல் சிவந்து நிற்கும். பார்க்கிறவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் ஒட்டாது. இதைத் தவிர்க்க Hue/Saturation பலகையில் Master என்று இருப்பதை Reds என்று மாற்றிக்கொண்டு, அந்த வரம்புக்குள் இருக்கும் நிறங்களை மட்டும் சுற்றுங்கள். எந்தெந்த இடம் அந்த வரம்புக்குள் வருகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி: Hue-வை தற்காலிகமாக 180-க்குத் தள்ளிவிடுங்கள். எவையெல்லாம் பளீரென மாறுகின்றனவோ அவைதான் உள்ளே. உதடும் கன்னமும் சேர்ந்து மாறினால் மாஸ்க் இல்லாமல் இந்த வேலை ஆகாது என்று அர்த்தம். தோலின் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

Hue/Saturation முட்டி நிற்கும் இடம், நிறமே இல்லாத துணியும் முடியும். கறுப்பு, வெள்ளை, சாம்பல் எதையும் அதனால் சுற்ற முடியாது. Colorize பெட்டியை டிக் செய்தால் நிறம் வரும்தான், ஆனால் அப்போது அது எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கும் கருவியாகிவிடும், சுற்றும் கருவியாக இருக்காது. அதே பலகையில் இருக்கும் Lightness ஸ்லைடரைக் கறுப்பு முடியை வெளுக்கப் பயன்படுத்தாதீர்கள். வலப்பக்கம் நகர்த்தினால் எல்லாப் புள்ளியிலும் வெள்ளையைக் கலக்கும். முடியின் ஆழமான நிழலும் சாம்பல் பூத்து, தலையில் மாவு கொட்டிய மாதிரி ஆகும். வெளிச்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கீழே ஒரு Curves லேயர் போடுவதுதான் முறை.

சரி, Color மோட் எதற்குத்தான் நல்லது? புது நிறமும் பழைய நிறமும் ஒரே அளவு வெளிச்சம் உள்ளவையாக இருந்தால் அதைப் போல எளிதானது வேறில்லை. நடுத்தரச் சாம்பல் பனியனை நடுத்தர நீலமாக்க, பழுப்பு முடியில் அதே ஆழமுள்ள ஒயின் சிவப்பு ஏற்ற, அது கச்சிதம். வெறும் லேயர் என்பதால் பிரஷ் எடுத்துப் பூசவும் முடியும். முடியில் ஒரு கற்றை ஊதா, இன்னொரு கற்றை நீலம் என்று வேண்டுமானால் மற்ற மூன்றிலும் ஆளுக்கொரு மாஸ்க் போட்டுச் சிரமப்பட வேண்டும், இதிலோ நிறத்தை மாற்றி மாற்றித் தீற்றிக்கொண்டே போகலாம். வெள்ளைச் சட்டையைச் சிவப்பாக்க மட்டும் இதை நம்பாதீர்கள். 240 வெளிச்சமுள்ள வெள்ளை மேல் அடர் சிவப்பைப் போட்டால் கிடைப்பது 255, 234, 234 போன்ற ஒரு வெளிறிய ரோஸ்தான்.

முடிக்கு Color மோட் போட்டால் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும். முடியின் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு மேல்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடுகிறது. உள்ளே போகாததால் முடியின் நிறம் அதில் ஏறுவதில்லை, விளக்கின் நிறமே தெரியும். இன்னொரு பங்கு இழைக்குள் போய் நிறம் ஏறி வெளியே வரும். முதல் பளபளப்பிலும் சாயம் ஏற்றிவிட்டால் முடி பொம்மை முடி மாதிரி ஆகும். சாயம் பூசிய லேயரை டபுள் கிளிக் செய்து, Blend If பகுதியில் Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை Alt அழுத்திப் பிளந்து, இடது பாதியை 170 பக்கம் இழுத்துவிட்டால், பளபளப்பு வெள்ளையாகத் திரும்பி வந்துவிடும். இந்தச் சின்ன இழுப்பு படத்தில் செய்யும் வித்தியாசத்தை ஒரு முறை பார்த்தால் பிறகு நீங்களே விடமாட்டீர்கள்.

Selective Color பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது நிறத்தை அடியோடு மாற்றும் கருவி இல்லை. அச்சகத்து மை முறையில் யோசிக்கும் கருவி அது. சிவப்பாகத் தெரியும் இடங்களில் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மையில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று கேட்கும். சிவப்பு என்பதே மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்ததுதான். Reds எடுத்து Yellow-வைக் குறைத்தால் சிவப்பு ஒயின் பக்கம் போகும், Magenta-வைக் குறைத்தால் ஆரஞ்சு பக்கம் வரும். பக்கத்து நிறத்துக்கு நகர்த்த மிக நன்றாக இருக்கும். எதிர்ப்பக்க நிறத்துக்கு இழுத்தால் வராது. சிவப்பில் சியானை ஏற்றிக்கொண்டே போனால் துணி கறுத்து அழுக்காகுமே தவிரப் பச்சையாகாது.

நான் அதை எடுப்பது இரண்டாவது சுற்றில். Hue/Saturation-இல் மஞ்சளாக்கிய சட்டை கொஞ்சம் பச்சை அடிக்கிறது என்றால், Selective Color-இல் Yellows எடுத்து Cyan -20, Magenta +8 என்று தட்டினால் கனிந்த மஞ்சளாகிவிடும். Whites, Neutrals, Blacks என்று தனியாகத் தொடும் வசதி மற்ற எதிலும் இவ்வளவு நேரடியாகக் கிடையாது. கறுப்பு முடியைக் கறுப்பாகவே வைத்து, வெயிலில் மட்டும் செம்மை தெரிகிற மாதிரி ஒரு கதகதப்பு வேண்டுமென்றால் Neutrals-இல் சியானைச் சற்றுக் குறைத்து மஞ்சளைச் சற்றுக் கூட்டினால் போதும். கீழே Relative, Absolute என்று இரண்டு இருக்கும். ஒரு இடத்தில் 50 சதவீதம் மஜந்தா இருக்கிறது, +10 கொடுக்கிறோம் என்றால், Relative அதை 55 ஆக்கும், Absolute 60 ஆக்கும். துணிக்கும் முடிக்கும் Relative-ஐ விட்டு நகராமல் இருப்பது நல்லது.

இனி Gradient Map. கறுப்பு முடியைச் செம்பு நிறமாக்கும் வேலையை வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற மூன்றும் கைவிடும் இடம் இதுதான். Hue/Saturation-க்குச் சுற்ற நிறமில்லை. Color மோடில் செம்பு நிறத்தை, அதாவது 180, 80, 30-ஐ, வெளிச்சம் 25 உள்ள கறுப்பு முடி மேல் போட்டால் சுமார் 50, 17, 0 வரும். கறுப்பென்றே சொல்லலாம். Selective Color கதகதப்பு தரும், அவ்வளவுதான்.

Gradient Map அங்கே என்ன நிறம் இருந்தது என்றே கேட்காது. இந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் பார்க்கும். அதற்கு நேராக நாம் வைத்திருக்கும் கிரேடியண்டில் என்ன நிறம் இருக்கிறதோ அதை வைத்துவிடும். இடது ஓரம் இருட்டுக்கு, வலது ஓரம் வெளிச்சத்துக்கு. இருட்டுக்கு நேராக நாம் வைக்கும் நிறம் கறுப்பாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே நிறமும் வெளிச்சமும் இரண்டுமே நம் கையில் வருகின்றன. நிழலுக்கு ஒரு நிறம், நடுப்பகுதிக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். நிஜ முடியிலும் நிழல் ஒரு நிறமாகவும் வெளிச்சம் பட்ட இடம் வேறு நிறமாகவும்தான் இருக்கிறது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கிரேடியண்டில் 0, 50, 100 என்று சமமாக மூன்று நிறங்களை வைப்பார்கள். முடி மாறவே மாறாது, கறுப்பாகவே நிற்கும். ஏன் என்று பார்க்க Info பலகையைத் திறந்து முடியின் மேல் கர்சரை நகர்த்துங்கள். என் படத்தில் ஆழமான நிழல் 8, முடியின் பெரும்பகுதி 30 சுற்றுவட்டாரம், பளபளப்புப் பட்டை 115, அதன் உச்சி 180 என்று காட்டியது. 255-இல் 30 என்றால் 12 சதவீதம்தான். முடியின் பெரும்பகுதி கிரேடியண்டின் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. 50-இல் வைத்த அழகான செம்பு நிறத்துக்குப் பளபளப்பின் ஒரு கீற்று மட்டும்தான் போய்ச் சேருகிறது.

ஆகவே நிறங்களை முடி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். நான் வைத்தது இப்படி: 0-இல் 20, 8, 5 என்ற கருஞ்செம்மை. 12-இல் 96, 44, 22, முடியின் உடம்பு முழுக்க இந்த நிறத்தை ஒட்டித்தான் வரும். 45-இல் 200, 112, 62, இதுதான் செம்பு. 70-இல் 244, 205, 170, நிறம் குறைந்த வெளிர் பீச். லேயரின் மோட் Normal. மாஸ்க் முடிக்கு மட்டும். Dither பெட்டியை டிக் செய்துவிட்டால் நிறம் படிப்படியாகக் கோடு விழுவது குறையும்.

வைத்த பிறகு கண்ணால் சரிபார்க்க வேண்டியது 12-இல் இருக்கும் நிறத்தைத்தான். அதை இன்னும் வெளிச்சமாக்கி, பொன்னிறம் வரை கொண்டு போகலாமே என்று தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் நிழலில் மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள் எழும்பும். கேமராவின் இரைச்சல் அது. 0-க்கும் 30-க்கும் இடையில் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தை நாம் மூன்று மடங்கு, நான்கு மடங்கு விரிக்கும்போது அதுவும் சேர்ந்து விரிகிறது. 8 பிட் ஜேபெக் படத்தில் இது சீக்கிரமே தெரியும். ரா கோப்பு கையில் இருந்தால் அங்கேயே நிழலைத் திறந்துவிட்டு, பிறகு இங்கே வருவது நல்லது. இல்லாத படத்தில் கறுப்பு முடியைச் செம்பு, கருஞ்சிவப்பு, காபி வரைதான் நம்பிக்கையாகக் கொண்டுபோக முடியும். வெளிர் பொன்னிறம் கேட்டால் மறுத்துவிடுவதே மேல்.

0-இல் இருக்கும் நிறத்தையும் ஏற்றாதீர்கள். கற்றைகளுக்கு இடையே இருக்கும் இருட்டு உண்மையில் முடியின் நிறம் இல்லை, அங்கே வெளிச்சமே போகவில்லை. அதை 60-க்கு ஏற்றினால் கற்றை கற்றையாகப் பிரிந்து தெரிந்த முடி கம்பளித் தொப்பி மாதிரி ஒரே மொத்தையாகிவிடும்.

கடைசித் தொந்தரவு ஓரத்தில் வரும். வெளிர் பின்னணி முன்னால் பறக்கும் ஒற்றை இழைகளைச் சுற்றி மாஸ்க் எப்போதும் கொஞ்சம் அகலமாகவே இருக்கும். அந்த இடத்துப் பின்னணியும் Gradient Map-க்குள் மாட்டிக்கொள்கிறது. 230 வெளிச்சமுள்ள சுவர் கிரேடியண்டின் வலது ஓரத்தில் போய் விழுவதால் பீச் நிறமாகி, தலையைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். Color மோடில் இது லேசான சாயத்தோடு முடிந்துவிடும், இங்கே பளிச்சென்று நிற்கும். மாஸ்கை மயிரிழை மயிரிழையாகச் செதுக்க வேண்டாம். கிரேடியண்டில் 90-இல் இன்னொரு நிறத்தை வையுங்கள். பின்னணிச் சுவரையே ஐடிராப்பரால் தொட்டு எடுத்த நிறம் அது. 70-க்கும் 90-க்கும் நடுவே பீச் மெல்லச் சுவர் நிறமாகிவிடும், வளையம் கரைந்துபோகும். இழையின் நடுப்பகுதி வெளிச்சம் குறைந்தது என்பதால் செம்பாகவே நிற்கும்.

பின்னணி ஒரே நிறமாக இல்லாமல் செடி, ஜன்னல் என்று கலவையாக இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது ஓர இழைகளுக்கு மட்டும் Gradient Map-ஐ மாஸ்கில் மறைத்துவிட்டு, மேலே ஒரு Color லேயரில் அதே செம்பை மெல்லிய பிரஷால் தீற்றுகிறேன். பின்னொளி படும் ஓர இழைகளின் வெளிச்சம் பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும், ஆகவே அங்கே Color மோடுக்கு நிறம் காட்டப் போதுமான இடம் உண்டு. புருவத்தை மட்டும் அப்படியே கறுப்பாக விட்டுவிடாமல் Selective Color-இல் Blacks எடுத்துக் கொஞ்சம் சியான் குறைத்துவிடுகிறேன்.